வலியில்லாத சிவந்த பாதம்: வளைவு சரியும் முன் பிடிபட்ட ஒரு சார்கோ பாதம்

53 வயது ஆண். பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்பிரிவு விற்பனையாளர். சர்க்கரை நோய் கண்டுபிடித்து 17 ஆண்டுகள். நான்கு வாரமாக இடது பாதத்தில் வீக்கம், சிவப்பு, சூடு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, புண் இல்லை. எங்களிடம் வருவதற்குள் இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக், யூரிக் அமில மாத்திரை, காலில் டாப்ளர் ஸ்கேன், ஓர் எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருந்தன. கையில் இருந்த கோப்பு கனமாக இருந்தது. நோயின் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. அது சார்கோ பாதம்: நரம்பு மரத்துப்போன பாதத்தில் எலும்பும் மூட்டும் அழற்சியால் இளகி, நிற்க நிற்கச் சரியும் நோய்.

ஒரு விளக்கம். இங்கே வருபவர் ஒரு தனி மனிதர் அல்ல. பாத சிகிச்சைப் பிரிவுகளில் இதே வரிசையில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். எண்கள் இந்நோயில் வழக்கமாகக் காண்பவை.

நடந்தது

கிடங்கிலிருந்து சேலைக்கட்டுடன் இறங்கும்போது கடைசிப் படியில் கால் லேசாகப் பிசகியது. அவருக்கு அது நினைவில்கூட இல்லை. நாங்கள் துருவித் துருவிக் கேட்டபோதுதான் மனைவி சொன்னார். அன்று முழு நாளும் நின்று வேலை பார்த்திருக்கிறார். நான்கைந்து நாள் கழித்து, இடது கால் செருப்பின் வார் பாதத்தில் தடம் பதித்திருப்பதை முதலில் பார்த்ததும் மனைவிதான். "காலைல சுமாராத்தான் இருக்கும் சார், ராத்திரி கடை அடைச்சிட்டு வரும்போது பன்னு மாதிரி இருக்கும்" என்றார் அவர். இவரோ, "வலியே இல்ல சார். வலிச்சாத்தானே டாக்டரைப் பார்க்கணும்" என்றார்.

உறவினர் சொன்னதைக் கேட்டு ஒருவரிடம் சுளுக்கு எடுத்துக்கொண்டார். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டிருக்கிறார்கள். வலிக்காததால் அவரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் சிவப்பு கூடியது.

பிறகு குடும்ப மருத்துவர். சர்க்கரை நோயாளி, கால் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது. தோலடித் தொற்று என்று நினைத்து ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் எழுதி, விடுப்பு எடுத்து ஓய்வாக இருக்கச் சொன்னார். அந்த நினைப்பில் தவறு சொல்ல முடியாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் தொற்றைத் தவறவிட்டால் காலே போகும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் கற்பித்திருக்கிறார்கள். இவர் ஐந்து நாள் வீட்டில் படுத்திருந்தார். வீக்கம் குறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவரும் நோயாளியும் ஒருசேர நம்பினார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனார். புதன்கிழமை கால் முன்பைவிடச் சிவந்தது. கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்று இன்னும் வீரியமான மருந்து, மறுபடி ஐந்து நாள் ஓய்வு, மறுபடி குறைவு, மறுபடி வேலை, மறுபடி வீக்கம்.

இந்த நோயில் ஆளை ஏமாற்றும் இடங்களில் மிக மோசமானது இது. குறைத்தது மருந்து அல்ல, ஓய்வு. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எதனால் குறைந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. படுத்தால் குறைந்து நடந்தால் கூடும் சிவப்பு, பாரத்துக்குப் பதில் சொல்லும் சிவப்பு. தொற்று இப்படி வேலைநாள் பார்த்து ஏறி இறங்காது. வாரம் வாரியாக, வேலைக்குப் போன நாள், போகாத நாள் என்று கேட்டிருந்தால் இந்த ஒழுங்கு இரண்டாம் வாரமே தெரிந்திருக்கும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

மூன்றாம் வாரம் யூரிக் அமிலம் பார்த்தார்கள்: 7.6. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் என்று மாத்திரை தொடங்கியது. நரம்பு மரத்துப்போனவருக்குக் கவுட் வந்தாலும் வலி மங்கலாக இருக்கலாம் என்பதால், வலி இல்லை என்பதை மட்டும் வைத்துக் கவுட்டைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கவுட் தாக்குதல் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். நான்கு வாரம் வளர்ந்துகொண்டே போகாது. 7.6 என்ற அளவோ எந்தத் தொல்லையும் இல்லாத பலரிடம், அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களிடம், சாதாரணமாகக் கிடைப்பது. எண் கிடைத்துவிட்டதால் நோயும் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று எடுத்த டாப்ளரில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே அறிக்கையில் எலும்பு முறிவு இல்லை என்று இருந்தது. அந்தப் படம் அவரைப் படுக்கவைத்து எடுத்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

மேசையில் தெரிந்தது

இரண்டு காலிலும் செருப்பு, சாக்ஸ் கழற்றி, கால் மணி நேரம் மேசையில் நீட்டிப் படுக்கவைத்தோம். நடந்து வந்த சூடு அடங்காமல் வெப்பம் அளந்தால் அளவு பொய் சொல்லும்.

முதலில் தோலைத் தேடினோம். விரலிடுக்குகள், நகவிளிம்பு, குதிகால் வெடிப்பு, உள்ளங்கால் காய்ப்பு என்று ஒவ்வொன்றாக, விளக்கு வைத்து. ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு நேரம் செலவழிப்பது வீணல்ல. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எலும்பு வரை போகும் தொற்று ஏறக்குறைய எப்போதும் ஒரு புண்ணின் வழியாகத்தான் உள்ளே போகிறது. தோல் முழுதாக இருந்தால் கிருமி எந்த வழியாக நுழைந்தது என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் தொற்று என்ற முடிவைத் தள்ளிவைக்க வேண்டும்.

அடுத்து வெப்பம். புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாறி மாறி வைத்தாலே வித்தியாசம் தெரிந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பாதங்களிலும் ஒரே இடங்களை அளந்தோம். நடுப்பாதத்தின் மேற்புறத்தில் இடது 34.9 டிகிரி செல்சியஸ், வலது 31.0. வித்தியாசம் 3.9. இரண்டு டிகிரிக்கு மேல் இருந்தாலே கவலைப்பட வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள அளவுகோல். தனி ஒரு பாதத்தின் எண்ணுக்கு மதிப்பில்லை. மே மாத மதியத்தில் எல்லோர் பாதமும் சூடாகத்தான் இருக்கும். மற்றக் காலோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

பாதத்தின் மேல் நாடித்துடிப்பு இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. இடது பக்கம் விரலைத் தள்ளும் அளவுக்குக் குதித்தது. முந்தைய குறிப்பு ஒன்றில் இதையே பார்த்து, ரத்த ஓட்டம் நல்லபடி இருப்பதாக எழுதி ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இந்த நோயில் அது ஆறுதல் அல்ல, நோயின் அடையாளமே.

காலை இடுப்புக்கு மேல் உயர்த்திப் பத்து நிமிடம் வைத்தபோது சிவப்பு வெளிறியது. தோலடித் தொற்றின் சிவப்பு பொதுவாக இப்படி விட்டுக்கொடுக்காது. இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக்கூடாது. ஆனால் செலவில்லாத சோதனை, சந்தேகத்தை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

கடைசியாக நரம்பு. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலின் பல இடங்களில் தொட்டோம். கண்ணை மூடிக்கொண்டு அவர் காத்திருந்தார். பாதிக்கு மேல் தொட்டு முடித்த பிறகு, "எப்ப சார் ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு கணுக்கால் வரை தெரியவில்லை.

காய்ச்சல் இல்லை. வெள்ளணுக்கள் 8,400. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 11, இ.எஸ்.ஆர். 44, ஹெச்பிஏ1சி 9.6, கிரியாட்டினின் 1.3. இந்த ரத்த எண்களைப் பார்த்து இது சார்கோதான் என்றோ, இல்லை என்றோ சொல்ல முடியாது. பாத நோய்க்கான பன்னாட்டுச் செயற்குழு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர்., வெள்ளணு எண்ணிக்கை எதையும் இந்த நோயைக் கண்டறியவோ விலக்கவோ பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி இதைவிட முக்கியம்: சர்க்கரை நோயும் நரம்புப் பாதிப்பும் உள்ளவருக்கு, தோல் உடையாத பாதத்தில், மற்றப் பாதத்தைவிடச் சூடும் வீக்கமும் சிவப்பும் இருந்தால் எப்போதும் செயல்நிலைச் சார்கோவை நினைக்க வேண்டும்.

பாதத்துக்குள் நடப்பது

1868-ல் பாரிஸின் சல்பெத்ரியே மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ழான் மார்த்தென் சார்கோ இதை விவரித்தபோது அவர் பார்த்தது சிஃபிலிஸ் தண்டுவடத்தைத் தின்ற நோயாளிகளின் மூட்டுகளை. சர்க்கரை நோயோடு இதைத் தொடர்புபடுத்தி ஜார்டன் எழுதியது 1936-ல். இன்று இதற்கு மிகப் பெரிய காரணம் சர்க்கரை நோய்தான். தொழுநோயிலும் வரும்.

உணர்வு நரம்பு செத்துவிட்டதால் சின்னப் பிசகும் தெரிவதில்லை. வலி இருந்தால் நொண்டியிருப்பார், நொண்டினால் எலும்பு பிழைத்திருக்கும். கூடவே ரத்தக் குழாய்களைச் சுருக்கிவைக்கும் தன்னியக்க நரம்புகளும் போய்விட, குழாய்கள் திறந்து பாதத்துக்குள் ரத்தம் பாய்கிறது. அந்தச் சின்னக் காயத்துக்கு உடல் காட்டும் அழற்சி, ஓய்வு கிடைக்காததால் அணைவதே இல்லை. அழற்சி வேதிகள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு இளகுகிறது. இளகிய எலும்பின் மேல் எண்பது கிலோ மனிதர் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கிறார். நுண்முறிவு, அதனால் மேலும் அழற்சி, அதனால் மேலும் கரைவு.

இதில் நாம் கைவைக்கக்கூடிய கண்ணி ஒன்றுதான்: நிற்பதும் நடப்பதும். நரம்பை மீட்க முடியாது. எலும்பு கரைவதை நிறுத்தும் ஊசிகளைப் பற்றி வீட்டார் கேட்டார்கள், கேட்பது நியாயம்தான். ஆனால் அலெண்ட்ரோனேட், பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் போன்றவை இந்த நோயைச் சீக்கிரம் அடக்கியதாக ஆய்வுகளில் நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. வழிகாட்டுதலும் வேண்டாம் என்கிறது. இவருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்தோம், அவ்வளவுதான்.

அன்றைக்கே கட்டு

எம்.ஆர்.ஐ.க்கு ஐந்து நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. படம் வரட்டும், பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தால் அந்த ஐந்து நாளும் அவர் கடையில் நின்றிருப்பார். சந்தேகம் எழுந்த நாளே காலை அசையாமல் கட்டுவதுதான் முறை. பின்னால் நோய் இல்லை என்று தெரிந்தால் கட்டைப் பிரித்துவிடலாம். ஐந்து நாள் சிரமம்தான் நட்டம். சரிந்த வளைவை அப்படித் திருப்பிக்கொள்ள முடியாது.

கட்டுவதற்கு முன் நிற்கவைத்து ஓர் எக்ஸ்ரே மட்டும் எடுத்தோம். பாதத்தின் நடுவில் ஆப்பு வடிவில் மூன்று எலும்புகள் உண்டு. விரல்களை நோக்கிப் போகும் ஐந்து நீள எலும்புகளில் இரண்டாவதின் உள்விளிம்பும், நடு ஆப்பெலும்பின் உள்விளிம்பும் மேலிருந்து பார்க்கும் படத்தில் ஒரே கோட்டில் விழ வேண்டும். இரண்டாவது நீள எலும்பின் அடி, கோயில் வளைவுக்கு நடுக்கல் எப்படியோ அப்படி. அது நகர்ந்தால் வளைவு நிற்காது. இவருக்கு அந்த விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது. அருகே அரிசிக் குருணை அளவு எலும்புத் துணுக்கு ஒன்று.

பழைய படத்தை எடுத்து வைத்து அதே கோட்டைப் போட்டுப் பார்த்தோம். நேராக இருந்தது. அறிக்கை எழுதியவர் எதையும் தவறவிடவில்லை. படுத்திருக்கும் பாதத்தில் பாரம் இல்லை. தளர்ந்த மூட்டும் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரே சீட்டில் "நின்ற நிலையில், இரண்டு பாதமும்" என்று எழுத வேண்டியது அனுப்பும் மருத்துவரின் வேலை. ஆனால் எழுதினாலும் ஒன்றை மறக்கக்கூடாது: மிகத் தொடக்கத்தில் நின்று எடுத்த படமும் முற்றிலும் சரியாகவே இருக்கும். 1966-ல் ஐக்கென்ஹோல்ட்ஸ் இந்த நோயை எக்ஸ்ரே மாற்றங்களை வைத்து மூன்று நிலையாகப் பிரித்தார்: எலும்பு சிதைவது, ஒட்டத் தொடங்குவது, இறுகுவது. படத்தில் ஒன்றும் தெரியாமல் பாதம் மட்டும் சூடாக இருக்கும் கட்டத்தைப் பூஜ்ஜிய நிலை என்று பிற்பாடு முன்னால் சேர்த்தார்கள். காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருப்பது அந்தப் பூஜ்ஜியத்தில்தான். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லி நோயாளியைத் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஐந்தாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூன்று ஆப்பெலும்புகளிலும் இரண்டாம் மூன்றாம் நீள எலும்புகளின் அடியிலும் மஜ்ஜையில் நீர்க்கோப்பு, மூட்டுப் பரப்பை ஒட்டி நுண்முறிவுக் கோடுகள். சீழ் இல்லை, தோலிலிருந்து எலும்புக்குப் போகும் துளை இல்லை. பக்கவாட்டுப் படத்தில் பாத வளைவு இன்னும் குலையவில்லை. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுக்குள் காலடி வைத்த நேரத்தில் வந்திருக்கிறார்.

கட்டும் கழிவறையும்

முழங்காலுக்குக் கீழ் தொடங்கி விரல் நுனி வரை, பாதத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் ஒட்டியபடி போடும் மாவுக்கட்டு இது. முழுத் தொடர்புக் கட்டு என்று சொல்வோம். பஞ்சு மிகக் குறைவு. பாரம் உள்ளங்கால் முழுவதும் பரவி, ஒரு பங்கு கட்டின் சுவர் வழியாகக் கெண்டைக்காலுக்குப் போய்விடும். இந்தக் கட்டு உலகம் முழுக்கப் பரவியதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. அங்கே தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்குச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையையும் கொண்டுபோனார். சர்க்கரை நோயாளிகள் அதன் பலனைப் பெற்றது அதற்குப் பிறகு.

கழற்ற முடியாததாக இருப்பதுதான் இதன் பலம். கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள். வலி இல்லாதவருக்கு அதைப் போட்டுக்கொள்ள உடல் நினைவூட்டுவதில்லை. மாவுக்கட்டு போடத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால், முழங்கால் உயர பூட்ஸைப் போட்டு அதன் மேல் மாவுக்கட்டுத் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிடலாம். கடுமையான ரத்த ஓட்டக் குறைவோ அடங்காத தொற்றோ உள்ள காலில் இப்படி மூடிக் கட்டக்கூடாது.

முதல் கட்டை நான்காம் ஐந்தாம் நாளே மாற்ற வேண்டும். வீக்கம் வேகமாக வடிந்து கட்டு தொளதொளக்கும். தொளதொளத்த கட்டுக்குள் பாதம் உராய்ந்து, இல்லாத புண்ணை நாமே உண்டாக்கிவிடுவோம். பிறகு வாரம் ஒரு முறை, வீக்கம் நிலைத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். வீட்டில் நடப்பது இருக்காது. அவர் வீட்டுக் கழிவறை குந்தி உட்காரும் வகை. முழங்கால் வரை கட்டோடு ஒருவர் அதில் உட்கார முடியாது. உட்காரப் பார்த்தால் முன்பாதத்தில்தான் மொத்தப் பாரமும் விழும், அல்லது வழுக்கி விழுவார். நடுவில் ஓட்டை உள்ள இரும்பு நாற்காலி ஒன்றை வாங்கிப் போடச் சொல்லி, போட்டாயிற்றா என்று மறுநாள் தொலைபேசியில் கேட்டோம். கட்டுப் போட்ட கால் இரண்டு விரற்கடை உயர்ந்துவிடுவதால், வலது செருப்பின் அடியில் அதே உயரத்துக்கு ரப்பர் ஒட்டினோம். இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். அதைவிட, நல்ல காலின் மேல் பாரம் கூடி அங்கும் இதே நோய் தொடங்கலாம். ஒவ்வொரு கட்டு மாற்றத்தின்போதும் வலது பாதத்தையும் முழுதாகப் பார்த்தோம்.

விடுப்புதான் பெரிய தடை. "ரெண்டு வாரம்னா கேட்டுப் பார்க்கலாம் சார். அஞ்சாறு மாசம்னா வேற ஆளைப் போட்டுருவாங்க" என்றார். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதைச் சுட்டி, உட்கார்ந்து செய்யும் வேலை தேவை என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தோம். முதல் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு, பிறகு பில் போடும் இடத்தில் நாற்காலி. எல்லாக் கடையிலும் இது நடக்காது. நடக்காத இடத்தில் இந்தச் சிகிச்சை காகிதத்தில்தான் இருக்கும்.

சூடு சொன்ன கணக்கு

கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆறவிட்டு அதே இடங்களை அளந்து எழுதினோம். முதல் நாள் 3.9 என்றிருந்த வித்தியாசம் இரண்டாம் வாரம் 3.0, ஆறாம் வாரம் 1.9. எட்டாம் வாரம் திடீரென்று 3.1.

கட்டின் குதிகால் பகுதி நொறுங்கியிருந்தது. மைத்துனர் மகள் திருமணம். மூன்று நாள் மண்டபத்தில். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா வாசல்ல நின்னு வரவேற்றேன் சார், நடக்கவே இல்ல" என்றார். மனைவி பேசாமல் இருந்தார். திட்டுவதில் பயன் இல்லை. எண்ணைக் காட்டி, ஆறாம் வாரத்திலிருந்து கணக்கு மறுபடி தொடங்குகிறது என்று மட்டும் சொன்னோம். எக்ஸ்ரேயில் நல்லவேளையாக நகர்வு கூடவில்லை. அதன்பின் அந்த எண்ணை எங்களுக்கு முன் அவரே கேட்கத் தொடங்கினார்.

இருபதாம் வாரத்தில் வித்தியாசம் 0.8. தொடர்ந்து சில வாரங்கள் அப்படியே நின்றது. வீக்கம் இல்லை, பாத எலும்புகளின் உருவரை மறுபடி தெரிந்தது, எக்ஸ்ரேயில் துணுக்கு ஒட்டி விளிம்புகள் இறுகியிருந்தன, எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு பெரும்பாலும் வடிந்திருந்தது. சூடு, வீக்கம், படம் மூன்றும் சேர்ந்து சொன்ன பிறகே நோய் அடங்கியது என்று எழுதினோம். சூடு மட்டும் தணிந்ததை நம்பிக் கட்டைப் பிரித்தால் நோய் திரும்ப வாய்ப்புண்டு.

பிரித்த அன்றே செருப்புப் போட்டு அனுப்பவில்லை. கழற்றக்கூடிய முழங்கால் பூட்ஸில் சில வாரம், அதுவும் முதல் வாரம் வீட்டுக்குள் சிறிது நேரம் மட்டும், வெப்பம் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டி. பின்னர் எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறைகள் கொண்ட மென் ரப்பர் மெத்தை வைத்து, அடிப்பாகம் தொட்டில் போல வளைந்த, அவர் பாத அச்சில் செய்த காலணி. வளைவு ஓரளவு தாழ்ந்திருக்கிறது. எலும்பு உள்ளங்காலில் துருத்தவில்லை. அப்படித் துருத்தினால், அதாவது பாதம் படகின் அடிபோல் உப்பிவிட்டால், அந்த மேட்டில் புண் வரும், புண் எலும்பைத் தொடும், பிறகு பேச்சு முழுக்க எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதாகிவிடும். ஆறு மாதம் தாமதமாக வருபவர்களிடம் நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

இந்த அளவுகோல் எங்கே கைவிடும்

இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால் ஒப்பிட நல்ல கால் இல்லை. ரத்தக் குழாய் அடைபட்ட காலில் நோய் இருந்தும் சூடு ஏறாமல் போகலாம். புண் இருக்கும் பாதத்தில் மஜ்ஜை நீர்க்கோப்பு எலும்புத் தொற்றாலா சார்கோவாலா என்று எம்.ஆர்.ஐ.யே குழம்பும், அப்போது எலும்பில் ஊசியிட்டுத் துணுக்கெடுத்துப் பார்க்க நேரலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். காய்ச்சல், நடுக்கம், தொடைவரை ஏறும் சிவப்பு, சீழ், கட்டுக்கடங்காமல் ஏறும் சர்க்கரை இருந்தால் இந்தக் கட்டுரை பேசும் வழி அல்ல. அன்றே மருத்துவமனைச் சேர்க்கை. "வலியில்லாத" என்ற சொல்லையும் இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடாது. சிலர் லேசான குடைச்சல் சொல்வார்கள். அந்த அளவு வீங்கிய பாதத்துக்கு அது எவ்வளவு குறைவான வலி என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இவர் இப்போது இரவு தோறும் இரண்டு பாதங்களிலும் ஆறு இடங்களில் வெப்பம் அளந்து நாட்காட்டியில் எழுதுகிறார். வாங்கியது கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டிய அதே வகைக் கருவி. அதில் ஒரு சிக்கல்: உடல் வெப்ப முறையில் வைத்தால் கருவி தானே கணக்குப் போட்டு எண்ணை உயர்த்திக் காட்டும், இரு பாதங்களுக்கும் உள்ள வித்தியாசம் மழுங்கிவிடும். பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். அந்தப் பொத்தானில் மனைவி சிவப்பு மை வைத்திருக்கிறார். அவருக்குக் கொடுத்திருக்கும் சீட்டில் உள்ளது இவ்வளவுதான்: எந்தக் காலிலும் ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு நாள் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடப்பதை நிறுத்தி, பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் அழைக்கவும். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். உருவிவிட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தால் நின்று எடுக்கவும்.